மழையிலும் புழுதியிலும் நிற்கும் கன்ட்ரோலருக்கு எந்த ஐபி எண் வேண்டும்?

கேள்வி: கோவில்பட்டி பக்கம் கரிசல் காட்டில், நாலு வால்வை ஓட்டும் சொட்டுநீர் கன்ட்ரோலர் ஒன்றை இஎஸ்பி32 போர்டு வைத்துச் செய்திருக்கிறேன். ஐபி65 என்று போட்ட பிளாஸ்டிக் பாக்ஸில் வெயிலில்தான் மாட்டியிருக்கிறது. கோடை மழை ரெண்டு பெய்ததுமே உள்ளே தண்ணீர். ஐபி68 பாக்ஸ் வாங்கினால் சரியாகிவிடுமா? கனெக்டரும் எந்த ரேட்டிங்கில் பார்க்க வேண்டும்?

பதில்:

ஐபி68 வாங்க வேண்டாம். பெரும்பாலும் அந்தப் பாக்ஸிலும் இதேதான் நடக்கும். நல்ல ஐபி65 அல்லது ஐபி66 பாக்ஸ், அதில் மூச்சு விட ஒரு வென்ட், கேபிள் நுழையும் துளையை இறுக்கி மூடும், கேபிளின் பருமனுக்குச் சரியாகப் பொருந்தும் கிளாண்டுகள், எல்லாத் துளையும் அடிப்பக்கம். உங்கள் இடத்துக்கு இது போதும். காரணம் புரிய, அந்த இரண்டு எண்களும் எந்தச் சோதனையிலிருந்து வருகின்றன என்று பார்த்துவிட வேண்டும்.

எண்களை வரையறுப்பது ஐஇசி 60529 என்ற தரநிலை. முதல் எண் திடப்பொருளுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. முதல் எண்ணில் 4 வரை விரல், கருவி, கம்பி உள்ளே போகுமா என்ற கேள்விதான். 4 என்றால் 1 மி.மீ. கம்பி நுழையக்கூடாது. தூசு என்ற பேச்சே 5-இல்தான் தொடங்குகிறது. முகப்பவுடர் போன்ற டால்க் தூளைக் காற்றில் பறக்கவிட்ட கூண்டுக்குள் பாக்ஸை வைப்பார்கள். 5 என்றால் கொஞ்சம் தூள் உள்ளே போகலாம், ஆனால் கருவியின் வேலையைக் கெடுக்கக்கூடாது. 6 என்றால் துளியும் போகக்கூடாது. இந்தச் சோதனையில் பாக்ஸுக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டே தூளைப் பறக்கவிடுவார்கள். அந்த உறிஞ்சலின் உச்ச அளவு 2 கிலோபாஸ்கல். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

ஆடிக்காற்றில் கரிசல் புழுதி பறக்கும் காட்டுக்கு முதல் எண் 6 ஆக இருக்கட்டும். காய்ந்த புழுதி போர்டில் படிவதால் உடனே எதுவும் ஆகாது. ஐப்பசியில் ஈரக்காற்று வந்ததும் அந்தப் படிவு தண்ணீரை இழுத்துக்கொண்டு, ரிலேயின் கால்களுக்கு நடுவே மெல்லிய கடத்தியாக மாறும். ஆடியில் போன தூசு ஐப்பசியில்தான் வேலையைக் காட்டும் என்பதால், பழியை மழை மேல் போட்டுவிடுவோம்.

இரண்டாவது எண்ணில் 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்கும். வீட்டுத் தாழ்வாரத்துக்கு அது போதும், திறந்த காட்டுக்குப் போதாது. 5 என்றால் 6.3 மி.மீ. வாயுள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பாய்ச்சுவார்கள். தூரம் இரண்டரை முதல் மூன்று மீட்டர், நேரம் குறைந்தது மூன்று நிமிடம். 6 என்றால் 12.5 மி.மீ. வாய், நிமிடத்துக்கு 100 லிட்டர். தோட்டத்து ஹோஸால் யாராவது பாக்ஸ் மேலேயே பீய்ச்சினால்கூட அது 6-ஐ எட்டாது. சாய்வாக அடிக்கும் மழைக்கு 5 தாராளம். ஸ்பிரிங்க்ளர் பக்கத்திலோ, வண்டி கழுவும் இடத்திலோ மாட்டினால் 6 பாருங்கள்.

7 என்பது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம். 8 என்பது அதைவிடக் கடுமையான நிலை. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர்தான் சொல்ல வேண்டும். அந்த விவரம் இல்லாமல் வெறுமனே ஐபி68 என்று போட்டிருந்தால் அதை வைத்து நீங்கள் எதையும் முடிவு செய்ய முடியாது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்: 6 வரை எண் ஏற ஏறக் கீழுள்ளதெல்லாம் அதில் அடக்கம். 7-உம் 8-உம் வேறு சாதி. அமைதியான தண்ணீரில் மூழ்கித் தப்பிய பாக்ஸ், பீய்ச்சியடிக்கும் தண்ணீரில் தப்பும் என்று தரநிலை சொல்லவில்லை. இரண்டையும் தாங்கும் என்றால் ஐபி66/ஐபி67 என்று இரட்டையாக அச்சிட்டிருக்கும். அதேபோல ஐபிஎக்ஸ்7 என்று எக்ஸ் போட்டிருந்தால் தூசுக்கு எண் கொடுக்கவில்லை என்று பொருள். பூச்சியம் என்றோ, 6 என்றோ எடுத்துக்கொள்ளக்கூடாது.

சரி, ஐபி65 பாக்ஸுக்குள் தண்ணீர் எப்படி வந்தது? துளைகளை நீங்கள் போட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம், அதற்குப் பிறகு வருகிறேன். முதல் சந்தேகம் வெயில் மேல்தான். ஆய்வகச் சோதனையில் பாக்ஸும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. 6-ஆம் எண் வரையிலான சோதனைகளில், தண்ணீர் அதைவிடக் குளிர்ந்திருந்தால் பாக்ஸின் உள்ளழுத்தத்தைச் சமன்செய்ய வழி வைத்துவிட்டுச் சோதிக்கச் சொல்கிறது தரநிலை. சூடான பாக்ஸில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கணக்கு மாறிவிடும் என்று அவர்களுக்கே தெரியும். உங்கள் காட்டில் சித்திரை மாதம் நடப்பது அந்த விலக்கப்பட்ட நிலைதான். மூன்று மணிக்குப் பாக்ஸின் உள்ளே 60 டிகிரி. நாலு மணிக்கு இடியோடு மழை. சில நிமிடத்தில் உள்ளே 28 டிகிரிக்கு இறங்குகிறது.

மூடிய பாக்ஸில் அழுத்தம் கெல்வின் வெப்பநிலையின் விகிதத்தில் குறையும். 60 டிகிரி என்பது 333 கெல்வின், 28 டிகிரி என்பது 301 கெல்வின்.

```
101.3 × (1 − 301/333) ≈ 9.7 kPa
```

9.7 கிலோபாஸ்கல் உறிஞ்சல். தூசுச் சோதனையின் 2 கிலோபாஸ்கலைப் போல ஐந்து மடங்கு. தண்ணீர்க் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்தின் அழுத்தம். அதாவது ஒவ்வொரு கோடை மழையும் உங்கள் பாக்ஸை ஒரு மீட்டர் ஆழத்தில் முக்கி எடுக்கிறது, அதுவும் உள்ளிருந்து இழுத்துக்கொண்டு. மூடி ஓரத்திலும் கிளாண்டைச் சுற்றியும் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர்ப்படலம் நிற்கிறது. 200 × 150 × 100 மி.மீ. பாக்ஸின் கொள்ளளவு 3 லிட்டர். சமநிலைக்கு வர அது 300 மில்லிக்குச் சற்றுக் குறைவாக எதையாவது உள்ளே இழுத்தாக வேண்டும். காற்று கிடைத்தால் காற்று, வழியில் தண்ணீர் நின்றால் தண்ணீர்.

ஐபி68 பாக்ஸ் இதை நிறுத்தாது. இன்னும் இறுக்கமாக மூடியிருப்பதால் முழு உறிஞ்சலும் மூடி ஓரத்து ரப்பர் கேஸ்கெட் மேலும் கிளாண்ட் மேலும் நிற்கும். புதிதாக இருக்கும்வரை தாங்கும். ஒரு வருட வெயிலில் கேஸ்கெட் அமுங்கி, திரும்ப எழாமல் போனபின் ஏதோ ஒரு முனையில் விட்டுக்கொடுக்கும். உள்ளே போன தண்ணீர் வெளியே வரவும் வழி இருக்காது.

தீர்வு, உறிஞ்சல் உண்டாகாமல் பார்ப்பது. அதற்குத்தான் வென்ட் பிளக். எம்12 மரையுள்ள சின்ன பிளாஸ்டிக் திருகு, உள்ளே டெஃப்லான் சவ்வு. காற்றும் நீராவியும் அதில் கடக்கும், தண்ணீர்த் துளியும் தூசும் கடக்காது. வாங்கும்போது அதற்கும் ஐபி66 அல்லது ஐபி67 எண் இருக்கிறதா என்று பாருங்கள். 3 லிட்டர் பாக்ஸுக்கு ஒன்று போதும். பக்கச் சுவரின் கீழ்ப்பகுதியிலோ அடியிலோ போடுங்கள். மேலே போட்டால் தண்ணீர் தேங்கி, சவ்வை மூடி, வென்ட் இல்லாத பாக்ஸ் ஆகிவிடும். அதன் மேல் பெயின்டோ சிலிகானோ படக்கூடாது. அடியில் 3 மி.மீ. துளை போட்டுவிடும் பழக்கமும் உண்டு. தண்ணீர் வடியும், அழுத்தமும் சேராது. ஆனால் எறும்பும் புழுதியும் உள்ளே போகும், ரிலே சூட்டுக்கு எறும்பு குடியேறும். கரிசல் காட்டுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

கூடவே ஒரு மலிவான வேலை: பாக்ஸின் மேலும் முன்னும் 25 மி.மீ. இடைவெளி விட்டு வெள்ளைத் தகரமோ ஷீட்டோ நிழலாக மாட்டுங்கள். 60 டிகிரிக்குப் பதில் உள்ளே 45 டிகிரிதான் ஏறியது என்றால் மேலே போட்ட கணக்கில் உறிஞ்சல் 5.4 கிலோபாஸ்கலாகப் பாதியளவுக்கு வந்துவிடும். கேஸ்கெட்டும் பிளாஸ்டிக்கும் அதிக நாள் வரும். ஐபி எண் புற ஊதாக் கதிரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சாதாரண ஏபிஎஸ் பாக்ஸ் வெயிலில் மஞ்சளாகி நொறுங்கும். வெளியில் மாட்ட, புற ஊதாத் தடுப்புள்ள பாலிகார்பனேட் கேளுங்கள்.

இனித் துளைகள். பாக்ஸில் அச்சிட்ட எண் துளை போடாத பாக்ஸுக்கானது. நீங்கள் டிரில் வைத்த நிமிடத்திலிருந்து, அதில் பொருத்திய உருப்படிகளில் எது ரொம்பச் சோப்பிளாங்கியோ அதுதான் பாக்ஸின் ரேட்டிங். ஐபி66 பாக்ஸில் ஐபி54 கிளாண்ட் ஒன்று போட்டால் அது ஐபி54 பாக்ஸ். பின்சுவரில் துளை போட்டுச் சுவரோடு ஸ்க்ரூ அடித்திருந்தால் அதைவிடக் கீழே. மாட்டுவதற்கான துளை கேஸ்கெட் கோட்டுக்கு வெளியேயுள்ள மூலைகளில் இருக்கும், அல்லது வெளிக்காதுகள் தனியாகக் கிடைக்கும். அவற்றை மட்டும் பயன்படுத்துங்கள்.

கிளாண்டில் நடக்கும் தவறு பெரும்பாலும் அளவுதான். உள்ளிருக்கும் ரப்பர் வளையம் ஒரு குறிப்பிட்ட பருமனுக்குள் இருக்கும் உருண்டைக் கேபிளை மட்டுமே சுற்றிப் பிடிக்கும். பொதுவாக பிஜி7 என்றால் 3 முதல் 6.5 மி.மீ., பிஜி9 என்றால் 4 முதல் 8, பிஜி11 என்றால் 5 முதல் 10. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், கவரில் போட்டிருப்பதைப் பாருங்கள். கேபிளை வெர்னியரில் அளந்து, வரம்பின் நடுவில் விழும் கிளாண்டை எடுப்பது நல்லது. ஒரு கிளாண்டில் இரண்டு கேபிள் விட்டால் இரண்டுக்கும் நடுவே முக்கோண இடுக்கு இருக்கும். எவ்வளவு முறுக்கினாலும் மூடாது. தனித்தனி ஒயர்களைக் கொத்தாக விட்டாலும் அதே கதை.

காட்டில் இதைவிட அதிகம் பார்ப்பது போர்வெல் மோட்டாருக்கு வரும் தட்டைக் கேபிளை உருண்டைக் கிளாண்டில் திணிப்பது. பக்கவாட்டில் இரண்டு பிறை வடிவ இடைவெளி திறந்தே நிற்கும், சிலிகான் பூசினாலும் கேபிள் ஆடும்போது விட்டுவிடும். தட்டைக் கேபிள் ஸ்டார்டர் பெட்டியோடு நிற்கட்டும். அங்கிருந்து கன்ட்ரோலருக்கு உருண்டைக் கேபிளைக் கொண்டுவாருங்கள். வேறு வழியே இல்லையென்றால் தட்டைத் துளையுள்ள ரப்பர் வளையம் வைத்த கிளாண்ட் தனியாகத் தேடி வாங்க வேண்டும்.

இன்னொரு வழியிலும் தண்ணீர் வரும், கண்ணுக்கே தெரியாது. வால்வுப் பக்கம் மண்ணுக்குள் ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருப்பீர்கள். அந்த டேப்புக்குள் தண்ணீர் போனதும் பல இழை ஒயரின் இழைகளுக்கு நடுவே அது திரிபோல ஏறும். பாக்ஸ் உறிஞ்சும்போது கேபிள் உறைக்குள்ளேயே பல மீட்டர் பயணம் செய்து டெர்மினலில் வந்து சொட்டும். வெளியிலிருந்து பார்த்தால் கிளாண்ட், கேஸ்கெட் எல்லாம் பழுதில்லாமல் இருக்கும். ஒரே ஒரு கேபிளின் டெர்மினல் மட்டும் பச்சை பூத்திருந்தால் இதுதான் காரணம். வால்வு முனையில் ஜெல் நிரப்பிய கனெக்டர் போடுங்கள், அல்லது உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடுங்கள். பாக்ஸ் முனையில், உறையை உரித்த இடத்தின் மேலும் பசை ஹீட் ஷ்ரிங்க் ஒரு துண்டு ஏற்றினால் உறைக்குள் வருவது நிற்கும்.

கனெக்டருக்கு வருவோம். கனெக்டரின் ஐபி எண் இரண்டு பாதியும் சேர்ந்து, வளையம் முழுதாக முறுக்கியிருக்கும் நிலைக்கு. கழற்றிவிட்டால் அந்த எண் இல்லை. மூடி போட வேண்டும், அந்த மூடிக்கும் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். எம்12 சென்சார் கனெக்டர் முறுக்கியபின் ஐபி67. எஸ்பி13 வகையில் ஐபி68 என்று போட்டிருக்கும். ஆனால் அதன் பின்பக்கக் கிளாம்ப் ஏறக்குறைய 4 முதல் 6.5 மி.மீ. கேபிளைத்தான் பிடிக்கும். அதில் 3 மி.மீ. சென்சார் ஒயரை விட்டால் முன்பக்கம் ஐபி68, பின்பக்கம் திறந்த வாசல். பார்ப்பதற்கு அதேபோல இருக்கும் ஜிஎக்ஸ்16 உலோகக் கனெக்டர் மழைக்கானதல்ல. ஆம்பிளிஃபயரின் பின்னால் அழகாக இருக்கும், தோட்டத்துக்கு வேண்டாம். பேனலில் பொருத்தும் பாதியின் ரப்பர் வளையம் பாக்ஸின் வெளிப்பக்கம் வர வேண்டும். உள்ளே போட்டால் மரை வழியாகத் தண்ணீர் பாக்ஸ் சுவரைக் கடந்துவிடும்.

என் கருத்து: அடிக்கடி கழற்றுகிற கேபிளுக்கு மட்டும் கனெக்டர் போடுங்கள், மற்றதெல்லாம் கிளாண்ட். ஒவ்வொரு கனெக்டரும் மூன்று இடத்தில் ஒழுக வாய்ப்புள்ள பொருள். யூஎஸ்பிக்கும் ஆன்டெனாவுக்கும் துளை போடவே வேண்டாம். பாக்ஸ் பிளாஸ்டிக் என்பதால் ஆன்டெனா உள்ளேயே இருந்தாலும் சிக்னல் வரும்.

உங்கள் நாலு வால்வுக் கன்ட்ரோலருக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். நாலு வால்வுக்கு நாலு கேபிள் தேவையில்லை. நாலு ஒயரும் ஒரு பொது ஒயருமாக ஒரே ஐந்து கோர் உருண்டைக் கேபிள்; அது 8 மி.மீ.யைத் தாண்டினால் பிஜி11. கரன்ட் கேபிள் 7.5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் பிஜி9-இன் விளிம்பில் நிற்கிறது, அதற்கும் பிஜி11 எடுங்கள். 5 மி.மீ. பிரஷர் சென்சார் கேபிளுக்கு பிஜி7. ஒரு வென்ட். ஆக அடிப்பக்கம் நாலு துளை, மேலேயும் பக்கத்திலும் ஒன்றுமில்லை. பிஜி7-க்கு 13 மி.மீ., பிஜி11-க்கு 19 மி.மீ. ஸ்டெப் டிரில்லில் போடுங்கள். சூட்டுக்கோலால் ஓட்டை போட்டால் ஓரம் தடித்து வாஷர் உட்காராது. வென்ட் துளை அதன் மரைக்கேற்ப 12 மி.மீ. மலிவான பிஜி கிளாண்டுகளோடு தட்டை ரப்பர் வாஷர் பல சமயம் வராது, தனியாகக் கேட்டு வாங்கி வெளிப்பக்கம் போடுங்கள். ஒவ்வொரு கேபிளும் கிளாண்டுக்குள் ஏறுமுன் கீழே ஒரு முறை தொங்கி வளைந்து மேலேற வேண்டும், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மூடி ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். ஒரு மூலையை முதலில் இறுக்கினால் எதிர்மூலை தூக்கும்.

சிலிகான் பூச ஆசை வந்தால், வினிகர் வாசனை வரும் வகை வேண்டாம். உலரும்போது அது விடும் அசிட்டிக் அமிலம் பாக்ஸுக்குள் தங்கிச் செம்பை அரிக்கும். நியூட்ரல் வகை கேளுங்கள். கேஸ்கெட் மேலே எதையும் பூசாதீர்கள், அடுத்த முறை மூடியைத் திறக்கும்போது கிழிந்துவிடும்.

வென்ட் போட்டாலும் விடியற்காலையில் மூடியின் உட்பக்கம் பனித்துளி கோக்கலாம். அது ஒழுகல் அல்ல. உள்ளிருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்த மூடியில் படிகிறது. பத்து மணி வெயிலில் வென்ட் வழியாகவே வெளியேறும். இரண்டையும் பிரித்தறிவது எளிது. மூடி முழுக்கச் சீராகத் துளிகள் இருந்தால் பனி. அடியில் தேங்கி, காய்ந்தபின் மண்கோடு விட்டிருந்தால், அல்லது ஒரு கிளாண்டிலிருந்து வழிந்த தடம் தெரிந்தால் மழைத்தண்ணீர். பனிக்கு மருந்து, போர்டைப் பாக்ஸின் தரையிலிருந்து 10 மி.மீ. தூக்கி மாட்டி, போர்டில் ஈரம் படாமல் காக்கும் கன்ஃபார்மல் கோட்டிங் ஸ்ப்ரே அடிப்பது. கனெக்டர், ரிலே, சென்சார் வாயை டேப்பால் மூடிவிட்டு அடியுங்கள். சிலிக்கா ஜெல் பை மூச்சு விடும் பாக்ஸில் சில வாரத்திலேயே ஈரம் குடித்து நிறைந்துவிடும். அதை நம்ப வேண்டாம்.

மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. போர்டை எடுத்துவிட்டு, எல்லாக் கேபிளும் கிளாண்டில் இருக்க, கேபிள் முனைகளை மூடி, உள்ளே டிஷ்யூ பேப்பரை விரியுங்கள். பேனா மையால் அதில் கோடு போட்டுவையுங்கள், ஒரு சொட்டு பட்டாலும் மை பரவிக் காட்டும். மூடிவிட்டு மதிய வெயிலில் இரண்டு மணி நேரம் வையுங்கள். சூடாக இருக்கும்போதே, 12.5 லிட்டர் ஒரு நிமிடத்தில் நிரம்பும் அளவுக்கு ஹோஸைத் திறந்து, மூன்று மீட்டரிலிருந்து எல்லாப் பக்கமும் மூன்று நிமிடம் அடியுங்கள். நிழலில் கால் மணி நேரம் ஆறவிட்டு, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்தபின் திறந்து பாருங்கள். மை பரவியிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள கிளாண்டோ மூடி ஓரமோதான் குற்றவாளி. பிறகு வென்ட் இடத்தில் அடைப்பு பிளக் போட்டு இதையே ஒரு முறை செய்து பார்த்தால், உங்கள் பழைய பாக்ஸில் தண்ணீரை இழுத்தது உறிஞ்சல்தானா, வெறும் துளைதானா என்பதும் தெரிந்துவிடும்.